கடை முழுசா எரிஞ்ச பிறகு ஃபயர் இன்ஷூரன்ஸ் எப்படின்னு கேட்டவங்களுக்கு

ஸ்டேஷனரி கடை வைக்கப்போற ஃப்ரெண்டு ஒருத்தன் "எவ்வளவுக்குடா பாலிசி போடணும்"னு கேட்டான், அவனுக்கு டைப் பண்ண ஆரம்பிச்சது நீண்டுபோச்சு, அதனால இங்கயே போடுறேன்.

என் கடைச் சரக்குக்கு 10 லட்சம் போட்டிருந்தேன். ஷார்ட் சர்க்யூட், ராத்திரியோட ராத்திரியா எல்லாம் சாம்பல். மொத்தமும் போச்சுன்னா மொத்தப் பணமும் வந்துரும்னு நினைச்சேன். இல்லைங்க, அந்த 10 லட்சம் உச்சவரம்பு தான், அன்னிக்கு உள்ள என்ன சரக்கு இருந்துச்சுன்னு நாம தான் காட்டணும், அதுவும் வாங்கின விலைல, லாபம் சேர்க்காம.

ஸ்டாக் புக்கும் எரிஞ்சிருச்சு, எதை வச்சுக் காட்டுறது? நஷ்டத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பின சர்வேயர், சப்ளையர்கிட்ட என் லெட்ஜர் வாங்கினார், ஆடிட்டர்கிட்ட போன வருஷக் கணக்கு. வருஷ ஆரம்பத்துல சரக்கு 8 லட்சம், அதுக்கப்புறம் வாங்கினது 30, ஆக 38. வித்தது 36 லட்சம். அதுல லாபத்தைக் கழிச்சா வித்த சரக்கோட அசல் வரும், அதை 38ல கழிச்சா மிச்சம் கடைல இருந்தது. இதுல தான் சிக்கினேன். நிஜத்துல எனக்கு நூத்துக்கு 25 நிக்கும், அப்படின்னா அசல் 27, மிச்சம் 11 லட்சம், பாலிசித் தொகை முழுசா கிடைச்சிருக்கும். போன வருஷக் கணக்குல நான் காட்டினது 20. அதனால அசல் 28.8, மிச்சம் 9.2. வரிக்குப் பயந்து நானே குறைச்சுக் காட்டினது, யார்கிட்ட போய்ச் சண்டை போட? போட்டேன், அது வேற விஷயம். ரொம்ப நாளா விக்காத பழைய டைரிக்கு இன்னும் 60 ஆயிரம் வெட்டினார், நாமளே தாங்கிக்கணும்னு பாலிசில இருக்கிற கழிவு தனி. கடைசில வந்ததும் முதல்ல லோன் குடுத்த பேங்குக்குத் தான் போச்சு, மீதி தான் என் கைக்கு.

கம்மியா போட்டு மிச்சம் பிடிக்கலாம்னு நினைக்காதடா. 16 லட்சம் சரக்குக்கு 10 லட்சம் போட்டு, பாதில தீயை அணைச்சு 4 லட்சம் போச்சுன்னா, அதே விகிதத்துல 2.5 தான் தருவான். சீசன்ல சரக்கு உச்சத்துல இருக்கும்போது என்ன அசலோ அதுக்குப் போடு. மாசாமாசம் ஸ்டாக் லிஸ்ட்டை வீட்டுக்கு மெயில் அனுப்பி வை.

சர்வேயர் ஒரு பைசா அநியாயம் பண்ணலை, ஒவ்வொரு கழிவையும் உட்கார்ந்து எழுதிக் காட்டினார். இருந்தாலும் அந்தக் கம்பெனி பேரைக் கேட்டாலே இன்னும் பத்திக்கிட்டு வருது. க்ளைம் குடுத்ததோட பழைய பாலிசி முடிஞ்சுபோச்சு, புதுக் கடைக்கு அவங்ககிட்டயே தான் போட்டிருக்கேன்.