முகூர்த்தத்துக்கு 6 வாரம்: ஜூஸ் பட்டினியா, சோற்றைக் குறைப்பதா?

எடை: ஜூஸ் மட்டும் குடித்தால் முதல் வாரமே 2, 3 கிலோ இறங்கலாம். பெரும்பாலும் அது நீர்தான். சோறு சாப்பிட்டதும் திரும்பிவிடும். சோற்றைப் பாதியாக்கி, முட்டை, சுண்டல், பொரியலைக் கூட்டி, தினமும் முக்கால் மணி நேரம் நடந்தால் வாரத்துக்கு அரை கிலோ. 6 வாரத்தில் 3 கிலோ, பெரும்பகுதி கொழுப்பு.

பாதிப்பு: பட்டினியில் தலைசுற்றும், பித்தப்பையில் கல்லும் வரலாம். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், அதாவது கல்யாண ஆல்பம் கைக்கு வந்த பிறகு! சோற்றைக் குறைத்தால் கொஞ்சம் பசிக்கும், அவ்வளவுதான்.

ஜாக்கெட்: ஜூஸ் வாரத்தில் அளவு கொடுத்தால் மேடையில் இறுக்கும். மற்றதில் கடைசி வாரம் லேசாகப் பிடித்தால் போதும்.

3 கிலோ போதுமென்றால் சோற்றைக் குறையுங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் ஜூஸ் பக்கமே போக வேண்டாம். 10 கிலோ கேட்பவர்களுக்கு இரண்டுமே சரிப்படாது. நல்ல டெய்லரைப் பாருங்கள்.