அலாரக் கண்காணிப்பு ஒப்பந்தம்: மூன்று ஆண்டுகளும் ஒரு மஞ்சள் தாளும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. 2021ஆம் ஆண்டு பிற்பகுதியில் பக்கத்து வீட்டில் பின்கதவை உடைத்துத் திருடினார்கள். அடுத்த வாரமே நான் ஒரு கண்காணிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துவிட்டேன். நான்கு கமராக்கள், பதிவுக் கருவி, கதவுகளுக்கு உணரிகள், கூடத்தில் அசைவை உணரும் கருவி, ஒரு சைரன், இவற்றையெல்லாம் இணைக்கும் சுவர்ப்பெட்டி ஆகியவற்றை விலை கொடுத்து வாங்கினேன். சுவர்ப்பெட்டியிலிருந்து நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்பும் சிம் கருவி மட்டும் அவர்களுடையது. மாதக் கட்டணம் 3,500 ரூபா, வரி தனி. கட்டாயக் காலம் 36 மாதங்கள்.

அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் நல்லவர்கள். சைரன் ஒலித்த ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்குள் தொலைபேசியில் அழைத்தார்கள். ஆனால் அவர்கள் அழைத்ததெல்லாம் பெரும்பாலும் பல்லிகளுக்காகத்தான். அசைவை உணரும் கருவியின் கண்ணாடி மீது பல்லி ஊர்ந்தால், அத்தனை கிட்டத்தில் அதன் சின்ன உடம்பு கருவிக்கு ஒரு மனிதனைப் போலத் தெரியும். கருவியைச் சுவரின் மூலையிலிருந்து கொஞ்சம் முன்னே தள்ளிப் பொருத்திய பிறகு அது குறைந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது வேறொரு பாடம் படித்தோம். பெட்டிக்குள் இருந்த பற்றரி ஒருவாறு தாங்கியது, ஆனால் இணையப் பெட்டி அணைந்துவிட்டதால் கமராக்கள் வெறும் அலங்காரமாகின. பற்றரியும் அந்த ஆண்டோடு செத்துப்போனது. புதியதை என் செலவில்தான் வாங்கினேன், ஏனென்றால் ஒப்பந்தப்படி அது தேய்ந்துபோகும் பொருள்.

2022 டிசெம்பரில் முதன்முறையாக நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். வாடிக்கையாளர் பிரிவில் கேட்டபோது, மீதமுள்ள மாதங்களின் கட்டணம் முழுவதையும் ஒரே தடவையில் செலுத்த வேண்டும் என்றார்கள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. மீதம் 23 மாதங்கள். 3,500ஆல் பெருக்கினால் 80,500. அன்றைய 15 வீத வற் வரியோடு 92,575 ரூபா. இதே தொகையை மாதாமாதம் கொடுத்தால் 23 மாதங்களுக்குச் சேவையாவது கிடைக்கும். ஒரேயடியாகக் கொடுத்தால் சேவையும் இல்லை, பணமும் இல்லை. முழு மீதியையும் கேட்கும் ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பதில் கணக்குப்படி எந்த இலாபமும் இல்லை. சில நிறுவனங்கள் மீதியின் பாதியை அல்லது கருவிகளுக்குக் கொடுத்த சலுகையின் மிச்சத்தை மட்டும் கேட்கும். அப்படியானால் கணக்கு வேறு விதமாக வரும். ஆகவே தொலைபேசியில் சொல்லும் தொகையை நம்பாமல், முறிப்புக் கட்டணம் பற்றிய பிரிவை நீங்களே வாசிக்க வேண்டும்.

நான் காத்திருக்க முடிவு செய்தேன். இதற்கிடையில் வரி 18 வீதமாகி, மாதக் கட்டணம் 4,025இலிருந்து 4,130 ஆனது. அம்மா ஓய்வுபெற்று முழு நேரமும் வீட்டிலேயே இருக்கத் தொடங்கினார். பகலில் அலாரத்தை இயக்குவதே இல்லை. நிறுவனத்திடம் நிகழ்வுப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். (கேட்டால் தருவார்கள், கேட்கிறவர்கள்தான் இல்லை.) முந்தைய ஒன்பது மாதங்களில் நாங்கள் அலாரத்தை இயக்கியது பதினொரு தடவைகள் மட்டுமே.

2024 ஜூலை 22ஆம் திகதி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஓர் இலக்கத்தோடு பதில் வந்தது: “உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது.” அதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 26ஆம் திகதி, கடைசிக் கட்டணப் பட்டியல் எப்போது வரும் என்று கேட்டபோதுதான் இடி விழுந்தது. ஒப்பந்தம் ஒக்டோபர் 7ஆம் திகதி முடிகிறது, முடிவதற்கு 60 நாட்களுக்கு முன் எழுத்துமூல அறிவித்தல் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும், மின்னஞ்சல் அறிவித்தல் ஆகாது, அந்த நாள் ஓகஸ்ட் 8ஆம் திகதியோடு போய்விட்டது, எனவே ஒப்பந்தம் மேலும் 12 மாதங்களுக்குத் தானாகவே புதுப்பிக்கப்படும் என்றார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 49,560 ரூபா. நான் மின்னஞ்சல் அனுப்பியது அந்தத் திகதிக்கு முன்புதான். ஆனால் அனுப்பிய வழி தவறு.

புதுக்கடையில் சட்டத்தரணியாக இருக்கும் என் மைத்துனரிடம் ஒப்பந்தத்தைக் கொண்டுபோனேன். நான் இரண்டு கேள்விகளோடு போயிருந்தேன். வங்கிக்கு எழுதிப் பணம் போவதை நிறுத்திவிடலாமா என்பது ஒன்று. அவர் உடனே மறித்தார். “அதைச் செய்யாதீர்கள். பணம் போகாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அப்போது மீதி முழுவதையும் வட்டியோடு கேட்க அவர்களுக்கு ஒரு பிரிவு இருக்கிறது, இதோ பாருங்கள்.” 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்பது மற்றையது. அந்தச் சட்டம் முக்கியமாக ஒரு தரப்பு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க எழுதிவைக்கும் நியதிகளைத்தான் பிடிக்கும், தானாகப் புதுப்பிக்கும் பிரிவுக்கு அதை நம்பிப் போக முடியாது என்றார். பிறகு அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: “36 மாதம் என்பது எந்த நாளிலிருந்து?”

நான் கையொப்பமிட்ட நாள் 2021 ஒக்டோபர் 8. நிறுவனத்தின் கணினியிலும் அந்தத் திகதிதான் இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் வாசகம் வேறு மாதிரி இருந்தது. கட்டாயக் காலம், அலாரத் தொகுதி ‘இயக்கிவைக்கப்பட்ட’ நாளிலிருந்து தொடங்குகிறது. வீட்டுக்கு ஓடி வந்து கோப்பைக் கிளறினேன். கமரா வாங்கிய பற்றுச்சீட்டுகளுக்குப் பின்னால், கார்பன் வைத்து எழுதிய மஞ்சள் தாள் ஒன்று நான்காக மடிந்து கிடந்தது. நீல மை பாதி மங்கிவிட்டது. ஒவ்வோர் உணரியையும் பரிசோதித்து, கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று எழுதி, அடியில் தொழில்நுட்பவியலாளரும் நானும் ஒப்பமிட்டிருந்தோம். திகதி 29.11.2021. சிம் கருவி அப்போது கையிருப்பில் இல்லாததால் ஏழு வாரங்கள் தாமதமாகியிருந்தது. அந்தத் தாமதத்துக்காக அன்று நான் எவ்வளவு கத்தினேன் என்பது நினைவுக்கு வந்தது.

அந்தத் தாளின்படி கட்டாயக் காலம் 2024 நவம்பர் 28ஆம் திகதிதான் முடிகிறது. அதிலிருந்து 60 நாள் பின்னே எண்ணினால் செப்டெம்பர் 29. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆகவே நடைமுறையில் 27ஆம் திகதி வெள்ளி. கட்டாயக் காலத்தை நீட்டுவதற்காக அவர்கள் எழுதிவைத்த வாசகம் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் கையில் கொடுத்திருந்தது. முதல் கட்டணப் பட்டியலும் 2021 டிசெம்பர் மாதத்துக்குரியதாக இருந்தது, இரண்டாவது சாட்சியாக.

கடிதத்தை மைத்துனர் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தந்தார். ஒப்பந்த இலக்கம், இயக்கிவைத்த நாள், அது முடியும் நாள், புதுப்பிக்க விருப்பமில்லை என்ற ஒரு வாக்கியம், பிரிவின் இலக்கம், இவ்வளவுதான். காரணம் எதுவும் சொல்லவில்லை. காரணம் சொன்னால் அதற்கொரு சலுகையைக் காட்டிப் பேச்சை இழுப்பார்கள் என்றார். மஞ்சள் தாளின் பிரதியை இணைத்து, செப்டெம்பர் 2ஆம் திகதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். முகவரியில் கவனம் தேவை. நான் வழக்கமாகப் போகும் காட்சியறை பம்பலப்பிட்டியில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் உள்ள பதிவு அலுவலகம் வேறிடம். தபாலகத்தில் தந்த சிறு துண்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்திவைத்தேன். செப்டெம்பர் 12ஆம் திகதி ஏற்றுக்கொண்டு பதில் வந்தது. இணங்கியிருக்காவிட்டால் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறையிடும் எண்ணம் இருந்தது, தேவைப்படவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கழற்றும் நாளும் ஒரு வேலை நாள்தான் என்பது பிறகு தெரிந்தது. நவம்பர் 29 காலை ஓர் இளைஞர் வந்து சிம் கருவியைக் கழற்றினார். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்த தொடரிலக்கத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதாக அவரிடம் ஒப்பம் வாங்கினேன். அன்றிரவு ஒரு மணிக்குச் சுவரில் இருந்த விசைப்பலகை ‘பீப்’ என்றது. பத்து விநாடிக்கொரு முறை பீப். அம்மா, “இதைவிடத் திருடனே வந்திருக்கலாம்” என்றார். கருவி போய்விட்டாலும் பெட்டிக்கு அது தெரியாது. கட்டுப்பாட்டு அறையைத் தொடர்புகொள்ள முயன்று தோற்றதைத்தான் கோளாறாக அறிவித்துக்கொண்டிருந்தது. தொடர்பை நிறுத்த வேண்டுமானால் பெட்டியின் நிரலுக்குள் போக வேண்டும், அதற்கான பொருத்துநர் குறியீடு நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. பெட்டி என்னுடையது, சாவி அவர்களுடையது. மறுநாள் அந்த இளைஞரைத் திரும்ப அழைத்துத் தொடர்பை அணைத்து, குறியீட்டை ஆரம்ப நிலைக்கு மாற்றுவித்தேன். இப்போது கதவைத் திறந்தால் சைரன் மட்டும் ஒலிக்கும், யாருக்கும் செய்தி போகாது.

அந்த இளைஞர் போவதற்கு முன் கமராப் பதிவுக் கருவியின் பயனர் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். திரையில் இரண்டு பெயர்கள் தெரிந்தன. `admin` என்னுடையது. அதன் கீழே `cms01`. நிறுவனம் தன் அறையிலிருந்து கமராவைப் பார்ப்பதற்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் வைத்த பயனர் அது. கட்டணம் நின்ற பிறகும் எங்கள் கூடத்தைப் பார்க்கும் உரிமை அதற்கு இருந்தது. அதை நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, இணையப் பெட்டியில் வெளியிலிருந்து உள்ளே வரத் திறந்துவிட்டிருந்த வழியையும் அடைத்தோம். “யாரும் இதைக் கேட்பதில்லை, அண்ணா” என்றார் அவர்.

கடைசிப் பட்டியலைக் கட்டி, நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே வங்கியின் நிலையான கட்டளையை நிறுத்தினேன். வைப்புப் பணம் 3,500 ரூபா ஜனவரியில் காசோலையாக வந்தது. மஞ்சள் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது, மை இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கிறது.