மண்டபத்து டியூப்லைட் பட்டைகள்: மூன்று பிரேம் கலவையா, டீபிளிக்கர் கருவியா?

போன முகூர்த்தத்தில் எடுத்த ஒரு கல்யாண வீடியோ எடிட்டுக்கு வந்தது. மெயின் கேமரா 25 பிரேம், 1/50 ஷட்டர். அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கேமராவை யாரோ அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யிலேயே விட்டிருந்தார்கள்: 30 பிரேம், 1/60 ஷட்டர். மேடையில் வீடியோ லைட் இருந்ததால் பெண், மாப்பிள்ளை முகங்கள் தப்பித்தன. ஆனால் மண்டபத்தின் பக்கச் சுவர் முழுக்கப் பழைய சோக் வைத்த டியூப்லைட்டுகள். அங்கே உட்கார்ந்திருந்த நாதஸ்வரக் குழுவின் பின்னால், சுவரில் மங்கலான இருட்டுப் பட்டைகள் துடித்துக்கொண்டே இருந்தன. அந்த ஒரு கிளிப்பை வைத்துத்தான் கையில் இருந்த வழிகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

எந்த வழி பலிக்கும் என்பது பட்டை எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப்லைட்டும், மலிவான டிரைவர் வைத்த எல்.ஈ.டி. டியூபும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பிடிக்கிறது. 1/50 ஷட்டரில் ஒவ்வொரு வரிக்கும் சரியாக 2 துடிப்பு கிடைக்கும். எந்த வரி எப்போது தொடங்கினாலும் வெளிச்சம் ஒன்றுதான். 1/60இல் கிடைப்பது ஒன்றும் மூன்றில் இரண்டும். அந்த அரைகுறைத் துடிப்பில் சில வரிகளுக்குப் பிரகாசமான பகுதி கூடுதலாகக் கிடைக்கிறது, சில வரிகளுக்கு மங்கலான பகுதி. அதுதான் பட்டை.

கிளிப்பைத் திறந்ததும் நான் செய்யும் முதல் சோதனை இது. வெறும் சுவர் தெரியும் இடத்தில் நிறுத்தி, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்துகிறேன். முதல் பிரேமில் பட்டை எங்கே இருக்கிறது என்று பென்சில் நுனியைத் திரையில் காட்டி வைத்துக்கொள்வேன். இரண்டாம் பிரேமில் அது தள்ளிப் போகும், மூன்றாவதில் இன்னும் தள்ளிப் போகும், நான்காவதில் பென்சில் நுனிக்கே திரும்பி வந்துவிடும். கேமரா உண்மையில் எடுப்பது 29.97 பிரேம் என்பதால் நூலளவு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். இப்படி மூன்றுக்கு ஒருமுறை திரும்பி வந்தால் நல்ல செய்தி.

ஏன் நல்ல செய்தி என்றால், ஒரு பிரேம் நேரத்தில் விளக்கு மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் துடிக்கிறது. ஒவ்வொரு பிரேமும் துடிப்பின் அடுத்த மூன்றில் ஒரு பங்கில் தொடங்குகிறது. 1/60 ஷட்டரில் அடுத்தடுத்த மூன்று பிரேம்களையும் சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் சரியாக 5 முழுத் துடிப்புகள் வந்துவிடும். அதாவது மூன்றையும் சம அளவில் கலந்தால் பட்டை கணக்குப்படியே அழிகிறது. கருவி எதையும் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதை எந்த எடிட்டிங் மென்பொருளிலும் செய்யலாம். கிளிப்பை மூன்று லேயராக அடுக்கி, நடு லேயரை ஒரு பிரேமும் மேல் லேயரை இரண்டு பிரேமும் தள்ளி வையுங்கள். கீழே ஒபாசிட்டி 100, நடுவில் 50, மேலே 33. இணையத்துப் பாடங்களில் பெரும்பாலும் இரண்டு லேயர், 50 சதவீதம் என்றுதான் சொல்லித் தருகிறார்கள். நம் ஊர் மின்சாரத்தில் 30 பிரேமுக்கு அது போதாது. பட்டை பாதி குறைந்து மீதி பாதி அப்படியே நிற்கும். ‘செய்து பார்த்தேன், சரியாகவில்லை’ என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். லேயர் அடுக்கச் சோம்பலாக இருந்தால் எப்.எப்.எம்பெக்கில் ஒரே வரி:

```
ffmpeg -i in.mp4 -vf "tmix=frames=3" -c:v libx264 -crf 14 -c:a copy out.mp4
```

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. 30 பிரேம் கிளிப்பை 25 பிரேம் டைம்லைனில் போட்ட பிறகு இதைச் செய்யாதீர்கள். டைம்லைன் ஆறு பிரேமுக்கு ஒன்றை விழுங்கிவிடும், மூன்றின் ஒழுங்கு குலைந்துவிடும், பட்டை ஒருவித விக்கலோடு திரும்ப வரும். 29.97இலேயே சுத்தம் செய்து, தனிக் கோப்பாக எடுத்து, அப்புறம்தான் மெயின் கேமராவோடு சேர்க்க வேண்டும்.

சரி, நாதஸ்வரக் கிளிப்பில் என்ன ஆனது? சுவர் துடைத்துவிட்டதுபோல ஆகிவிட்டது. மூன்று பிரேம் கலந்ததில் இருட்டு மூலைகளில் இருந்த புள்ளி இரைச்சலும் குறைந்தது. நாதஸ்வரக்காரர் உட்கார்ந்த இடத்தில் மெதுவாக அசைகிறவர், அவருக்கும் பாதகமில்லை. தவில்காரரிடம்தான் சிக்கல். வலது கை விரல்களில் மாட்டிய கூடுகள் ஒவ்வொன்றும் மூன்றாகத் தெரிந்தன. இடது கைக் குச்சி விசிறிபோல விரிந்தது. மெலிந்த மூன்று நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று. சாதாரண அசைவு மங்கலைக் கண் ஏற்றுக்கொள்ளும், இதை ஏற்றுக்கொள்ளாது.

டாவின்சி ரிசால்வில் இருக்கும் Deflicker வேறு வகை. அதுவும் முன்பின் பிரேம்களைத்தான் பார்க்கிறது. ஆனால் எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்று கணித்து, வெளிச்சத்தை மட்டும் சமன் செய்யப் பார்க்கிறது. அதில் Timelapse, Fluoro Light என்று தயார் அமைப்புகள் உண்டு; நமக்கு வேண்டியது இரண்டாவது. கலர் பக்கத்தில் முதல் நோடிலேயே போடுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் கிரேடையும் முன்னால் போட்டுவிட்டால் பட்டையின் ஆழம் மாறிப்போய் அதன் வேலை கடினமாகிறது. இது ஸ்டூடியோ பதிப்பில் மட்டும்தான். இலவசப் பதிப்பில் போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும்.

தவில்காரரின் கை இதில் ஒன்றாகவே இருந்தது, குச்சியும் குச்சியாக இருந்தது. ஆனால் சுவர் அந்த அளவுக்குச் சுத்தமாகவில்லை. உற்றுப் பார்த்தால் கையைச் சுற்றி, அசைவைக் கணிக்க முடியாமல் போன இடங்களில், பட்டை சின்னச் சின்னத் திட்டாக மிஞ்சியிருந்தது. பட்டுத் துண்டின் ஜரிகை ஓரமும் கொஞ்சம் மழுங்கியது. நின்ற காட்சிக்கு மூன்று பிரேம் கலவையை இது வெல்லவே முடியாது என்பது என் முடிவு. ஆனால் கேமரா நகர்ந்தால் நிலைமை தலைகீழ். பந்தி நடக்கும் கூடத்தை இதே கேமரா இடமிருந்து வலமாகத் திரும்பிக் காட்டிய கிளிப் ஒன்று இருந்தது. அதில் கலவை போட்டதும் வாழையிலை, பெஞ்சு, ஆட்கள் எல்லாமே மூன்று மூன்றாக ஆகிவிட்டன. அங்கே Deflicker தவிர வேறு பேச்சில்லை.

பிரீமியரிலேயே எடிட் செய்கிறவர்களுக்கு டிஜிட்டல் அனார்க்கியின் Flicker Free என்ற பிளக்-இன் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும். உருளும் பட்டைக்கென்றே தயார் அமைப்பு வைத்திருக்கிறார்கள். Time Radius எத்தனை பிரேம் பார்க்க வேண்டும் என்பது, Sensitivity எவ்வளவு அழுத்தமாகத் திருத்த வேண்டும் என்பது. அசைவுள்ள இடத்தில் பேய் நிழல் தெரிந்தால் Sensitivity-யைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். ரிசால்வ் ஸ்டூடியோ ஏற்கெனவே வைத்திருப்பவர் இதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எப்.எப்.எம்பெக்கில் `deflicker` என்றே ஒரு பில்டர் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பிரேமின் மொத்த வெளிச்சத்தைத்தான் சமன் செய்யும். படம் முழுக்க ஒன்றாக மங்கிப் பளிச்சிடும் டைம்லாப்ஸுக்கு நல்லது. நம் சுவரில் ஒரு பட்டை கீழே இறங்கும்போது இன்னொன்று மேலே நுழைகிறது, மொத்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அதனால் அதன் கண்ணுக்கு இங்கே குறை அவ்வளவாகத் தெரியாது.

கல்யாண வீடியோவில் எல்லா வழிகளையும் கெடுக்கிற ஒன்று உண்டு: போட்டோகிராபரின் பிளாஷ். ஒரு பிரேமில் விழுந்த வெள்ளை வெளிச்சம் மூன்று பிரேம் கலவையில் மூன்று பிரேமுக்குப் பரவி, பளிச்சென்று அடித்துப் போக வேண்டியது பால் ஊற்றியதுபோல வழியும். Deflicker-உம் அதைப் பிளிக்கர் என்று நினைத்துப் பக்கத்துப் பிரேம்களில் கலக்கப் பார்க்கும். பிளாஷ் விழுந்த பிரேமின் இரண்டு பக்கமும் வெட்டி, அந்த ஒரு பிரேமைத் திருத்தாமல் விட்டுவிடுகிறேன். கலவைக் கோப்பில் அதற்கு அடுத்த இரண்டு பிரேம்களையும் அசலிலிருந்தே எடுத்து வைக்கிறேன். அந்தச் சிறு நொடியில் பட்டையை யாரும் பார்ப்பதில்லை.

எந்த வழியும் பலிக்காத கிளிப்புகளும் உண்டு, அவற்றையும் அதே பென்சில் சோதனை காட்டிவிடும். பட்டை நகராமல் ஒரே இடத்தில் நின்றால், 25 அல்லது 50 பிரேமில் தவறான ஷட்டரோடு எடுத்திருக்கிறார்கள். பிரேமுக்குப் பிரேம் மாற்றமே இல்லாதபோது பக்கத்துப் பிரேமிலிருந்து இரவல் வாங்க ஒன்றும் இல்லை. பட்டை இருக்கும் இடத்தில் மிருதுவான ஓரம் வைத்த விண்டோ போட்டுக் கையால்தான் வெளிச்சம் ஏற்ற வேண்டும். பட்டை மெல்லியதாக, நிறைய வரிகளாக, எந்த ஒழுங்கிலும் திரும்பாமல் ஓடினால் அது டிம்மரில் ஓடும் எல்.ஈ.டி. அலங்கார விளக்கு. சிவப்பும் நீலமும் தனித்தனியாக அணைந்து எரிவதால் பட்டைக்கு நிறமும் இருக்கும். ஷட்டரும் 1/250 போல வேகமாக இருந்துவிட்டால் இருட்டுப் பட்டையில் விவரமே பதிந்திருக்காது. ஏற்றினால் வருவது இரைச்சல் மட்டும்.

நாதஸ்வரக் கிளிப்பைக் கடைசியில் இரண்டையும் சேர்த்துத்தான் முடித்தேன். கீழே மூன்று பிரேம் கலவை. அதன்மேல் Deflicker போட்ட பிரதி, ஆனால் தவிலையும் இரண்டு கைகளையும் மட்டும் சுற்றி ஒரு மாஸ்க், ஓரம் நன்றாக மிருதுவாக்கி. மேலே சொன்ன tmix கட்டளை நடப்புப் பிரேமோடு அதற்கு முந்தைய இரண்டைக் கலக்குவதால் கலவைப் படம் ஒரு பிரேம் பின்தங்கும். அதை ஒரு பிரேம் முன்னால் இழுத்த பிறகு தோளும் கையும் பொருந்தின. மாஸ்க் ஓரத்தில் மிஞ்சிய திட்டுகள் தவிலின் தோல் வார்களுக்கு நடுவே மறைந்துவிட்டன. அப்புறம்தான் 25 பிரேம் டைம்லைனுக்கு மாற்றினேன்.