டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் படித்து ஏமாந்த கதை

மூன்று வாரம் முன்பு, இரவு ஒன்பது மணி. சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 128. ஜிம்மிலிருந்து வந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. கை லேசாக நடுங்குகிறது, நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கிறது. மனைவி முகத்தைப் பார்த்ததும் ஆட்டோ பிடித்துவிட்டாள். மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள். துடிப்பின் தாளம் சரியாகத்தான் இருந்தது, வேகம்தான் அதிகம். டாக்டர் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டீங்க? அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க."

டப்பா என்றால் ஒன்றல்ல, இரண்டு. ஜிம்முக்குள்ளேயே இருக்கும் கடையில் பயிற்சியாளர் என் தலையில் கட்டியவை. ஒன்று, உடற்பயிற்சிக்கு முன்னால் தண்ணீரில் கலந்து குடிக்கும் ப்ரீ-வொர்க்கவுட் பவுடர். இன்னொன்று "முழுக்க மூலிகைண்ணா, சைடு எஃபெக்ட்டே கிடையாது" என்று சொல்லிக் கொடுத்த டானிக். முதல் வாரம் பவுடர் ஒரு ஸ்கூப். "உடம்பு பழகிடுச்சு, இனி ரெண்டு போடுங்க" என்றார். போட்டேன். அன்று மாலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் இரண்டு ஸ்கூப், கூடவே ஒரு மூடி டானிக்.

பவுடர் டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 200 மி.கி. காஃபீன் என்று இருந்தது. இரண்டு காபிக்குச் சமம்தானே என்று நினைத்தேன். டாக்டர் டப்பாவைத் திருப்பி, பின்பக்க அட்டவணையை என்னையே படிக்கச் சொன்னார்.

அந்த 200 ஒரு ஸ்கூப்புக்கு. அதுவும் 'காஃபீன் அன்ஹைட்ரஸ்' என்ற ஒரு வரிக்கு மட்டும். நாலு வரி கீழே 'குரானா விதைச் சாறு 500 மி.கி., 22 சதவீதம் காஃபீன்' என்று பொடி எழுத்தில். குரானா என்பது காஃபீன் நிறைந்த ஒரு விதை. 500-இல் 22 சதவீதம் என்றால் இன்னும் 110 மி.கி. ஆக ஒரு ஸ்கூப்பில் 310, இரண்டில் 620. ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாள் முழுவதற்கும் 400 வரைதான் பரவாயில்லை என்பார்கள். நான் அதில் ஒன்றரை மடங்கை ஒரே மடக்கில் குடித்திருக்கிறேன்! காலையில் குடித்த இரண்டு ஃபில்டர் காபி இந்தக் கணக்கில் இல்லை. காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்றார். ஆறு மணிக்குக் குடித்ததில் 300-க்கு மேல் இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும்.

இனி மூலிகை டானிக். அதில் காஃபீன் என்ற சொல்லே கிடையாது. 'ஆற்றல் கலவை 1500 மி.கி.' என்று மொத்த எடை மட்டும் போட்டு, கீழே செடிகளின் தாவரவியல் பெயர்கள். பவுலினியா குபானா என்பது அதே குரானாதான். கமேலியா சினென்சிஸ் தேயிலை. சிட்ரஸ் ஆரன்டியம் கசப்பு ஆரஞ்சு. இதில் இருக்கும் சினெஃப்ரின், இதயத் துடிப்பை ஏற்றும் எபிட்ரின் என்ற மருந்துக்குப் பங்காளி. காஃபீனோடு சேர்ந்தால் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. சிடா கார்டிஃபோலியா என்று இருந்தால் அதில் எபிட்ரினே இருக்கும். எபிட்ரின் உள்ள எபிட்ரா செடியைச் சத்து மாத்திரைகளில் சேர்ப்பதை அமெரிக்காவே 2004-இல் தடை செய்துவிட்டது. அதுவும் மூலிகைதான். எது எத்தனை மி.கி. என்று பிரித்துப் போடாத கலவையில் நாம் கணக்கே போட முடியாது. அப்படி ஒரு வரி இருந்தால் இப்போதெல்லாம் டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிடுகிறேன்.

முகமும் காதும் குறுகுறுவென்று ஊறியதைக்கூட இந்தக் கணக்கில் சேர்த்துப் புலம்பினேன். அது பவுடரில் இருக்கும் பீட்டா-அலனின் என்ற அமினோ அமிலம் செய்யும் வேலை, இதயத்துக்குச் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். "பாருங்கண்ணா, ஏறுது" என்று பயிற்சியாளர் பெருமையாகக் காட்டியது அதைத்தான்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும், மூக்கடைப்புக்கு சூடோஎபிட்ரின் கலந்த சளி மாத்திரை போட்டிருப்பவர்களும் இவற்றைத் தொடவே வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், துடிப்பு தாளம் தவறித் தவறி அடிப்பது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். கிளம்பும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எனக்கு விடிவதற்குள் 84-க்கு இறங்கிவிட்டது. மறுநாள் கடைக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சீல் உடைச்சாச்சேண்ணா" என்றார். சரி, பின்பக்கம் படித்தீர்களா என்று கேட்டேன். டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குண்ணா" என்றார்.