மச்சில் ஒரு விசிறியா, கூடத்தின் மேல் ஒரு விசிறியா? மலைவீட்டின் இரவு வெக்கைக்கு எது ஏற்றது

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து வீடுகள் பலவும் தகரக் கூரையும் அதன் கீழே பலகை மச்சும் கொண்டவை. ஏப்ரல், மே மாதங்களில் வெளியே இரவு குளிர்ந்துவிட்ட பின்னும் உள்ளே வெக்கை நிற்கும். இதற்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. முக்கோணச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து மச்சின் சூட்டை வெளியேற்றுவது ஒன்று. கூடத்தின் மச்சுப்பலகையை வெட்டி அங்கே பெரிய விசிறி பொருத்தி, சன்னல் வழியாக வெளிக்காற்றை இழுத்து, வீட்டுக் காற்றை மச்சுக்குத் தள்ளி அங்கிருந்து வெளியேற்றுவது மற்றொன்று. எங்கள் வீட்டில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். இரவுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் அதற்குரிய திறப்புகள் இல்லையென்றால் அதுவும் பயன்படாது.

முதலில் மச்சு விசிறி. வீடு 30 அடிக்கு 24 அடி, தரையிலிருந்து மச்சுப்பலகை வரை உயரம் 9 அடி. முக்கோணச் சுவரில் 12 அங்குல விசிறி ஒன்றைப் பொருத்தினோம். ஏப்ரல் மாத இரவு ஒன்பது மணிக்கு வெளியே 20 பாகை, படுக்கையறையில் 28. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் படுக்கையறை 27 பாகைக்குத்தான் இறங்கியது. ஏணி போட்டு ஏறி மச்சுக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: அங்கே 21 பாகைதான் இருந்தது. தகரம் மெல்லியது, பகலில் கொதித்தாலும் சூட்டைத் தேக்கி வைக்க அதற்குக் கனம் கிடையாது, தெளிந்த வானத்தின் கீழ் பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் ஆறிவிடும். இரவில் சூட்டைப் பிடித்து வைத்திருப்பவை அறைகளின் கற்சுவரும் தரையும்தான். ஆறிப்போன மச்சிலிருந்து காற்றை இழுப்பதால் அவை ஆறுவதில்லை. மச்சு விசிறிக்கு வேலை இருக்குமானால் அது பிற்பகலில்தான்.

பிற்பகலிலும் அதற்கு உள்வரும் வழி வேண்டும். நிமிடத்துக்கு 300 கன அடி காற்றுக்கு ஒரு சதுர அடி தடையற்ற திறப்பு இறவாணத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. எங்கள் விசிறி 1,000 கன அடி தள்ளுவது. அப்படியானால் மூன்று சதுர அடிக்குச் சற்று மேல் தேவை. மலைவீடுகளிலோ குளிருக்கும் எலிக்கும் பயந்து இறவாணத்தைச் சாந்து வைத்து அடைத்துவிடுகிறோம். அடைத்த மச்சில் விசிறி ஓடினால் அது பலகை இடுக்குகள் வழியாக அறைக் காற்றை உறிஞ்சும். எரியும் ஊதுபத்தியை ஓர் இடுக்கின் அருகே பிடித்தால் தெரிந்துவிடும்: புகை நேராக எழாமல் நூல்போல வளைந்து பலகைக்குள் நுழையும்.

இனிக் கூடத்து விசிறி. வீட்டின் கொள்ளளவு 6,480 கன அடி. நாங்கள் வாங்கிய 18 அங்குல விசிறியின் தகட்டில் மணிக்கு 4,500 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,650 கன அடி என்று இருந்தது. அது தடையில்லாத இடத்தில் அளந்த எண். சட்டம், மடிப்பலகை, வலை எல்லாம் சேர்ந்தபின் 2,100 என்று வைத்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தாலும் வீட்டுக் காற்று முழுவதும் மணிக்கு ஏறக்குறைய பத்தொன்பது முறை மாறுகிறது. வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் எட்டுப் பாகை வேறுபாடு இருக்கும் தொடக்கத்தில், இந்த உயரத்தின் மெல்லிய காற்றைக் கணக்கில் கொண்டாலும், எட்டுக் கிலோவாட் அளவுக்குச் சூடு வெளியேறும். அறைக் காற்று பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். அதை நம்பி நிறுத்தினால் சுவர் விடும் சூட்டில் அரை மணியில் பழைய நிலைக்கே வந்துவிடும். சுவர் ஆற வேண்டுமானால் நான்கைந்து மணி நேரம் ஓட வேண்டும், காலை வெயில் ஏறுமுன் சன்னல்களைச் சாத்திவிட வேண்டும்.

இந்த விசிறிக்கு இரண்டு திறப்புகள் தேவை, பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நாங்களும் மறந்தோம். முதல் இரவு விசிறி உறுமியது, காற்று வந்தது, ஆனால் அடுத்த அறையின் படுக்கை விரிப்பில் பொடிப்பொடியாகக் கருந்தூசி விழுந்து கிடந்தது. மறுநாள் வந்த ஆசாரி அண்ணாந்து பார்த்துவிட்டு, “மேல காத்து முட்டிக்கிட்டு நிக்குதுங்க, போக வழியில்லாம பலகைச் சந்துல திரும்பி இறங்குது,” என்றார். மச்சிலிருந்து வெளியேற எங்களிடம் இருந்தது பழைய 12 அங்குல ஓட்டை மட்டும்; அது ஒரு சதுர அடிகூட இல்லை. கூடத்து விசிறிக்கு 750 கன அடிக்கு ஒரு சதுர அடி என்பது கணக்கு. தகட்டு எண்ணுக்கு மூன்றரைச் சதுர அடி வேண்டும். மழைக்குச் சாய்வுப்பலகையும் வௌவாலுக்குக் கால் அங்குலக் கம்பிவலையும் வைத்தால் திறப்பில் பாதி மறைந்துவிடும் என்பதால் ஏழு சதுர அடி வெட்ட வேண்டியதாயிற்று: இரு முக்கோணச் சுவர்களிலும் இரண்டடி அகலம், ஒன்றேமுக்கால் அடி உயரம். அங்கே கொசுவலையை வைக்காதீர்கள். சாய்வுப்பலகையோடு சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு வழிதான் மிஞ்சும், சில மாதங்களில் அதையும் தூசி அடைத்துவிடும்.

உள்வரும் வழி சன்னல்தான். மூன்றடிக்கு நான்கடிச் சன்னலில் கொசுவலை இருந்தால் ஆறு சதுர அடி என்றே கொள்ள வேண்டும். இரண்டு படுக்கையறைச் சன்னல்களும் முழுதாகத் திறந்திருக்கையில் காற்று நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக, உறக்கம் கெடாத அளவில் வந்தது. ஒன்றைச் சாத்தி மற்றதைப் பாதி திறந்தபோது நான்கு மடங்கு வேகம் தேவைப்பட்டது. இடுக்கில் சீழ்க்கை கேட்டது, குளியலறைக் கதவு தானாகப் படாரென்று சாத்திக்கொண்டது. திறப்பு போதவில்லை என்பதற்கு அந்தக் கதவே சாட்சி. விசிறிக்கு அடியிலுள்ள கூடத்துச் சன்னலைத் திறப்பதும் பிழை. காற்று குறுக்கு வழியில் மேலே போய்விடும், படுக்கையறை அப்படியே இருக்கும்.

சன்னலைத் திறந்த பிறகே விசிறியைப் போட வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் விட்டுக்கொடுப்பு இல்லை. சன்னல் சாத்தியிருந்தால் இந்த விசிறி காற்றைப் புகைபோக்கி வழியாகவும் கேஸ் கீசரின் குழாய் வழியாகவும் கீழே இழுக்கும். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். கணப்பில் தணல் கிடக்கும் இரவிலும் கீசர் எரியும்போதும் விசிறி ஓடக் கூடாது.

மஞ்சு இறங்கிய இரவில் நாங்கள் அதைத் தொடுவதில்லை. ஈரக்காற்றை இழுத்தால் அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி தொடங்கும்போது மச்சின் மேல்புறம் விசிறிச் சட்டத்தின் மீது இரண்டங்குலத் தெர்மோகோல் மூடியை ரப்பர் பட்டையோடு கவிழ்த்துவிட்டு, சுவிட்சின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுகிறோம். அந்த மூடி இல்லாத முதல் மார்கழியில் கணப்பின் சூடு முழுவதும் அந்த ஓட்டை வழியாகவே போய்க்கொண்டிருந்தது.