லேன் அடைபட்டால் புதிதாகத் தேடுவதா, பழைய தேடலுக்கு ஒட்டுப் போடுவதா?

பினாங்கில், பிறைப் பக்கம் ஒரு கிடங்கில் பேலட் இழுக்கும் மூன்று ரோபோக்களுக்கு வழி தேடும் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதல் எட்டு மாதம் டி-ஸ்டார் லைட் ஓடியது. இப்போது சாதாரண ஏ-ஸ்டார். புதியதை விட்டுப் பழையதற்குத் திரும்பினேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். ஏன் திரும்பினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

இரண்டுக்கும் தரை ஒன்றுதான். கிடங்கு 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். அதை 10 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் 600 × 400, அதாவது 2,40,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் காலியா, அடைபட்டதா, தெரியாததா என்று லேசர் சொல்லச் சொல்ல மாறிக்கொண்டே இருக்கும். ரோபோ 80-க்கு 60 சென்டிமீட்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கக் கூடாது என்றால் அதன் மூலைவிட்டத்தில் பாதி, சரியாக 50 சென்டிமீட்டர், எல்லாத் தடையையும் சுற்றி ஊதிப் பெரிதாக்கிவிட வேண்டும். அதாவது ஐந்து கட்டம். அதற்குப் பிறகு ரோபோவை ஒரு புள்ளியாக நினைத்துக்கொள்ளலாம்.

வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. போகிற வழியில் யாரோ பேலட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றால், ஏ-ஸ்டார் முன்பு தேடியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, நிற்கிற இடத்திலிருந்து இலக்கு வரை மறுபடி முதலிலிருந்து தேடும். இது 1968-ல் வந்த முறை. 2002-ல் கோனிக், லிக்காச்சேவ் இருவரும் கொடுத்த டி-ஸ்டார் லைட் பழைய தேடலை நினைவில் வைத்திருக்கும். மாறிய கட்டங்களை மட்டும் சொன்னால் போதும், அந்த மாற்றம் தொடும் பகுதியை மட்டும் திருத்திக்கொள்ளும். இதற்காக ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். இலக்குக்கு இவ்வளவு தூரம் என்று முடிவான எண் ஒன்று. அண்டைக் கட்டங்களைப் பார்த்து இப்போது கணக்கிட்ட எண் மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போகாத கட்டங்கள்தான் வேலைப் பட்டியலில் ஏறும். தேடல் இலக்கிலிருந்து ரோபோவை நோக்கி வரும், ஏ-ஸ்டாருக்கு நேர் எதிர்த்திசை.

வேகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அதில் டி-ஸ்டார் லைட் ஜெயிக்கிறது. ரோபோவில் இருக்கும் விசிறியில்லாச் சின்னக் கணினியில் ஏ-ஸ்டாருக்குச் சாதாரணமாக 15 மில்லிநொடி. இலக்கே அடைபட்டுக் கிடந்தால் எட்டக்கூடிய கட்டம் அத்தனையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வழி இல்லை என்று ஒப்புக்கொள்ளும், அப்போது 90 வரை போகும். டி-ஸ்டார் லைட் பெரும்பாலும் 5-க்குள் முடித்துவிடும். லாரி ஏற்றும் மேடைதான் இலக்கு என்றால் அதுவும் திணறும். மேடையில்தான் ஆட்கள் கூட்டம். தேடல் இலக்கிலிருந்து கிளைப்பதால் அங்கே ஒரு கட்டம் மாறினாலும் ரோபோ வரை எல்லா எண்ணும் ஆட்டம் காணும்.

ஆனால் இந்த வெற்றியால் எங்களுக்கு என்ன லாபம்? ரோபோவின் உச்ச வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். 90 மில்லிநொடியில் அது 7 சென்டிமீட்டர்தான் நகரும், ஒரு கட்டம்கூட இல்லை. ஆள் குறுக்கே வந்தால் நிறுத்துவது வழிதேடியின் வேலையே இல்லை. அதைப் பாதுகாப்பு லேசர் தனியாகப் பார்த்துக்கொள்கிறது. நொடிக்கு ஒரு முறை புது வழி கிடைத்தால் எங்களுக்குத் தாராளம்.

அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது? பராமரிப்பை வைத்து. ஒரு நாள் மதியம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, ஏழாம் லேன்ல ஒண்ணுமே இல்ல. உங்க வண்டி பேயப் பாத்த மாதிரி திரும்பிச் சுத்திப் போவுதுலா." போய்ப் பார்த்தேன், லேன் காலி. திரையில் கிரிட்டை, அதாவது அந்தக் கட்டங்களின் வரைபடத்தைத் திறந்தேன், அதுவும் காலி.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையில் அந்த இடம் அடைபட்டதாகக் கறுப்பாக இருந்து, தரையில் ஒன்றும் இல்லை என்றால் தவறு கிரிட்டில் இருக்கிறது. ஒருவர் நின்ற இடத்தை லேசர் அழிக்க, கதிர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பின்னால் எதிலாவது பட்டுத் திரும்ப வேண்டும். திறந்த கதவுக்கு முன் நின்றவர் நகர்ந்துவிட்டால், பின்னால் பட எதுவும் இல்லாமல் கறை அப்படியே தங்கிவிடுவது உண்டு. இந்தத் தொல்லை இரண்டு முறைக்கும் பொது. ஆனால் திரையும் காலி, தரையும் காலி, வழி மட்டும் சுற்றிப் போகிறது என்றால் வழிதேடியின் வயிற்றுக்குள்தான் பேய்.

அந்த நேரத்துக் கிரிட், ரோபோ நின்ற இடம், இலக்கு மூன்றையும் எடுத்து என் மடிக்கணினியில் ஓடவிட்டேன். ஏழாம் லேன் வழியாக நேரே போனது. திரும்பத் திரும்ப ஓட்டினாலும் நேரேதான் போனது. டி-ஸ்டார் லைட்டின் விடை இந்த மூன்றை மட்டும் பொறுத்ததல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலக்கு கொடுத்த நொடியிலிருந்து எந்தெந்தக் கட்டம் எந்த வரிசையில் மாறியதாக அதற்குச் சொன்னோம் என்பதும் சேர்ந்துதான் அந்த விடை. அந்த வரலாற்றை நாங்கள் எங்கேயும் பதிந்து வைக்கவில்லை. போதாக்குறைக்கு, அடுத்த இலக்கு வந்ததும் எல்லாம் புதிதாகத் தொடங்கும், தடயமும் அழிந்துவிடும்.

கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. நடந்தது இதுதான்: ரோபோவைச் சுற்றி ஒரு சதுரத்துக்குள் மாறிய கட்டங்களை மட்டும் வழிதேடிக்குச் சொல்வோம். லேனில் ஒருவர் வந்து நின்றார், அவரைச் சுற்றி ஐந்து கட்டம் ஊதப்பட்டது, எல்லாம் சதுரத்துக்குள் இருந்ததால் ஒழுங்காகச் சொல்லியாயிற்று. ரோபோ கொஞ்சம் பின்வாங்கியது, சதுரமும் கூடவே பின்னால் வந்தது. அவர் போனதும் அவர் நின்ற கட்டம் அழிந்தது. அதைச் சுற்றி ஊதியதும் அழிந்தது. ஆனால் ஊதிய பகுதியில் இலக்குப் பக்கத்துப் பட்டை இப்போது சதுரத்துக்கு வெளியே. அது காலியானதை யாரும் வழிதேடிக்குச் சொல்லவில்லை. எண்கள் இலக்குப் பக்கமிருந்துதான் பரவி வர வேண்டும். அந்தப் பட்டைக்கு அப்பால் உள்ள கட்டங்களில் எந்த மாற்றமும் இல்லை, அதனால் அவை பட்டையை மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. லேனின் முழு அகலத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் எழுந்து நின்றது.

திருத்தம் ஒரு வரிதான், சதுரத்தை நாலு பக்கமும் ஐந்து கட்டம் பெரிதாக்கினேன். தவறு எங்களுடையது, முறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே தவறு ஏ-ஸ்டாரில் நடக்க வழியே இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று அதற்குக் கவலை கிடையாது, ஒவ்வொரு முறையும் கிரிட்டையே நேராகப் பார்க்கிறது. டி-ஸ்டார் லைட்டை எழுதியவர் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டார். மீதி இருப்பது நானும், சேர்ந்து நாலு மாதமான ஒரு தம்பியும். அவனிடம் ஏ-ஸ்டாரை ஒரு பிற்பகலில் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது வழி மாறும்போதெல்லாம் கிரிட்டையும் இரண்டு புள்ளிகளையும் ஒரு கோப்பாகச் சேமிக்கிறோம். கட்டத்துக்கு ஒரு பைட், அதனால் சுருக்காமலே 240 கிலோபைட். புகார் வந்தால் அந்த நேரத்துக் கோப்பைத் திறந்து ஓட்டினால் ரோபோ போன அதே வழி அப்படியே வருகிறது.

ஏ-ஸ்டாரிலும் கண்ணி இல்லாமல் இல்லை. மீதித் தூர மதிப்பீடு உண்மைத் தூரத்தைத் தாண்டக் கூடாது. எட்டுத் திசையிலும் நகரலாம், நேரே 10, குறுக்கே 14 என்று கணக்கு வைத்தால், இலக்கு வரை நீளவாட்டில் dx கட்டம், அகலவாட்டில் dy கட்டம் இருக்கும்போது மதிப்பீடு h இதுதான்:

```
h = 10*max(dx,dy) + 4*min(dx,dy)
```

தம்பி முதலில் `10*(dx+dy)` என்று எழுதியிருந்தான். குறுக்கே ஒரு கட்டம் போக 14 ஆகும், இது 20 என்று சொல்லும். வழி வரத்தான் செய்யும், வேகமாகக்கூட வரும், ஆனால் அதுதான் குறுகிய வழி என்று நம்ப முடியாது. அலமாரி ஓரமாகப் போகாமல் நடுவே போகட்டும் என்று தடைக்கு அருகில் கூடுதல் விலை வைத்தாலும், காலிக் கட்டத்தின் விலை 10-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிஜமாகவே எரிச்சல் தந்தது வேறு. ஐந்தாம் லேன் முனையில் நிற்கும் ரோபோவுக்கு இடப்பக்கம் 41.2 மீட்டர், வலப்பக்கம் 41.0. யாராவது ஓரமாக ஒரு அடி எடுத்து வைத்தால் கணக்கு தலைகீழாகும். ஒவ்வொரு நொடியும் புதிதாகத் தேடுவதால் அது இடமும் வலமும் ஆடிக்கொண்டு நின்றது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பழைய வழி இன்னும் திறந்திருந்தால், புதியது பத்தில் ஒரு பங்காவது குறைவாக இருந்தால்தான் மாறு என்று ஒரு நிபந்தனை போட்டேன், ஆட்டம் நின்றது. அந்தப் பத்தில் ஒரு பங்கு குத்துமதிப்புதான். இன்னொரு கிடங்குக்கு வேறு எண் தேவைப்படலாம்.

நான் சொல்வதெல்லாம் இந்த அளவுக் கிடங்குக்கும் மூன்றே ரோபோக்களுக்கும்தான் பொருந்தும். 200-க்கு 150 மீட்டர் இடத்தை 5 சென்டிமீட்டராக வெட்டினால் ஒரு கோடியே இருபது லட்சம் கட்டம், எங்களுடையதைப் போல ஐம்பது மடங்கு. அங்கே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடுவது கட்டுப்படியாகுமா என்பது சந்தேகம்தான், அப்படி ஒரு இடத்தில் நான் வேலை பார்த்ததில்லை. போனால் முதல் வேலையாக மேடையை நாலு பேலட்டால் அடைத்துவிட்டு, வழி இல்லை என்று சொல்ல ஏ-ஸ்டாருக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பேன். ஒரு நொடியைத் தாண்டினால், சிங்கப்பூர்க்காரருக்கு ஒரு போன் போட வேண்டியதுதான்.