சீக்கிரம் முடித்துவிடும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? மூன்று வழிகளின் ஒப்பீடு

ஆறாம் வகுப்புக் கணக்கு. நாற்பது நிமிடப் பாடவேளை, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பத்துக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் நான்கைந்து பேர் முடித்துவிடுவார்கள். இன்னும் பத்துப் பேர் இரண்டாவது கணக்கில் நிற்பார்கள். முடித்தவர்களின் சிந்தனை ஓய்ந்துவிடக் கூடாது. அதே நேரத்தில் "இவள் வேறு ரகம்" என்ற முத்திரையும் அவர்கள்மேல் விழக் கூடாது. இதற்காக நான் கையாண்ட மூன்று வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதல் வழி, தனி அட்டை. ஜன்னலோரம் ஒரு பெட்டியில் கடினமான புதிர்களை அட்டைகளில் எழுதி வைத்தேன். முடித்தவர் எழுந்துபோய் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தயாரிப்பது எளிது, வகுப்பும் அமைதியாக இருக்கும். முதல் இரண்டு வாரங்கள் எனக்குப் பெரிய நிம்மதி. பிறகுதான் ஒரு மாணவியைக் கவனித்தேன். எப்போதும் முதலில் முடிப்பவள், கணக்கை முடித்த பிறகு ரப்பரால் அழித்து அதையே மீண்டும் எழுதிக்கொண்டிருந்தாள். காரணம் புரியச் சில நாள்கள் ஆயின. இருக்கையிலிருந்து ஜன்னல் வரை போகும் அந்தப் பத்தடியை வகுப்பே பார்க்கிறது. அந்தப் பார்வையைத் தாங்குவதைவிட மெதுவாக எழுதுவது அவளுக்கு எளிதாக இருந்தது. இன்னொரு பக்கம், பெட்டியை எட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வேறு சிலர் தப்பும் தவறுமாக எழுதித் தள்ளினார்கள். எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. சுவையான கணக்குகள் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. மெதுவாகப் போகிற பிள்ளை ஆண்டு முழுவதும் அவற்றைத் தொடவே இல்லை.

இரண்டாவது வழி நம் பள்ளிகளில் மிகப் பழையது: முடித்தவர் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பது. சொல்லிக்கொடுப்பவருக்குப் பாடம் உறுதிப்படும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு முறைக்கு. அதே பின்னக் கூட்டலை நான்காவது தடவை விளக்கும் பிள்ளை புதிதாக எதையும் யோசிப்பதில்லை. பெரும்பாலும் விளக்குவதும் இல்லை, விடையைத்தான் சொல்லிவிடுகிறது. கேட்பவரும் அதை எழுதிக்கொண்டு தலையாட்டிவிடுகிறார். தனித்து நிற்கும் சிக்கலும் தீரவில்லை. "குட்டி டீச்சர்" என்ற பெயர் இடைவேளையிலும் தொடர்ந்து வந்தது. இருவர் இரண்டு விதமாகச் செய்த கணக்கை ஒருவருக்கொருவர் விளக்கச் சொன்னால் மட்டும் இது பயன் தருகிறது. அப்போது இருவரும் சொல்கிறார்கள், இருவரும் கேட்கிறார்கள்.

மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஆனால் அடி தெரியாத ஆழமுள்ள கேள்வி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் கணிதத் திட்டத்தார் இத்தகைய கேள்விகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறார்கள். வாசற்படி தாழ்வாகவும் கூரை உயரமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைக்கும் அளவுகோல். என் வகுப்பில் நன்றாக வேலை செய்த ஒன்றை முழுதாகச் சொல்கிறேன்.

காரணிகள் பாடம் முடிந்த மறுநாள் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன்.

9 = 4 + 5
9 = 2 + 3 + 4

"1 முதல் 30 வரை உள்ள எண்களை இப்படி அடுத்தடுத்த இயல் எண்களின் கூடுதலாக எழுதிப் பாருங்கள். சில எண்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு."

கூட்டல் தெரிந்த எவரும் தொடங்கிவிடலாம். 3 = 1 + 2, 5 = 2 + 3 என்று எல்லோர் நோட்டிலும் முதல் ஐந்து நிமிடத்தில் ஏதாவது இருந்தது. சற்று நேரத்தில், 1-ஐத் தவிர ஒற்றை எண்கள் எல்லாம் இரண்டு எண்களிலேயே வந்துவிடுகின்றன என்று ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது. 6, 9, 12, 15 என மூன்றின் மடங்குகளை மூன்று எண்களால் எழுதலாம் என்பதை முதலில் சொன்னவன், வாய்ப்பாட்டில் தடுமாறுகிற ஒரு பையன். கணக்கு வகுப்பில் அவன் முந்திக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ரப்பரால் அழித்துக்கொண்டிருந்த அந்த மாணவி என்ன செய்தாள்? முப்பதையும் முடித்துவிட்டு, வராத எண்களைத் தனியே எழுதினாள்: 1, 2, 4, 8, 16. "டீச்சர், 32-உம் வராதா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. "ஏன் வராது?" என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதினேன், எல்லோரும் பார்க்கும்படி. இந்த வழியின் நுணுக்கமே இதுதான். அடுத்த கேள்வியை அவள் காதில் சொல்லியிருந்தால் அது மறுபடியும் தனி அட்டையாகிவிடும். பலகையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த "ஏன்" அவளை இரண்டு பாடவேளைகளுக்குப் பிடித்து வைத்தது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் எண்களை அடுக்கினால், கூடுதல் என்பது நடு எண்ணை அந்த எண்ணிக்கையால் பெருக்கியது. 4 + 5 + 6 என்பது மூன்று ஐந்துகள். இரட்டைப்படை எண்ணிக்கையில் அடுக்கினால், முதலும் கடைசியும் சேர்ந்து ஓர் ஒற்றை எண், அதே அளவில் பல சோடிகள். எப்படிப் பார்த்தாலும் விடைக்குள் 1-ஐ விடப் பெரிய ஓர் ஒற்றைக் காரணி வந்துவிடுகிறது. 16-க்கு அப்படி ஒரு காரணி கிடையாது, அதனால் அது வராது. 15-க்கு 3, 5, 15 என மூன்று இருக்கின்றன. வழிகளும் மூன்று: 4 + 5 + 6, 1 + 2 + 3 + 4 + 5, 7 + 8. இதில் 15 என்ற காரணிக்கும் 7 + 8-க்கும் என்ன தொடர்பு என்று அவள் விழித்தாள். நடுவில் 1-ஐ வைத்துப் பதினைந்து எண்களை எழுதச் சொன்னேன். −6-இல் தொடங்கி 8-இல் முடிந்தது. −6 முதல் 6 வரை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, 7-உம் 8-உம் மிஞ்சின. பாடப்புத்தகத்தில் இன்னும் வராத குறை எண்களுக்கு அவள் தானாகவே வந்து சேர்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைக்காரி அப்போதும் 28-ஐ உடைக்க முயன்றுகொண்டிருந்தாள். இருவர் நோட்டிலும் ஒரே தலைப்பு. யார் முன்னே, யார் பின்னே என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

மூன்றில் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஆனால் இதற்கு விலை உண்டு. இப்படி ஒரு கேள்வியைத் தேடி, நானே போட்டுப் பார்த்து, அடுத்து வரக்கூடிய இரண்டு மூன்று "ஏன்"களைத் தயாராக வைத்துக்கொள்ள ஒரு மாலை முழுவதும் ஆகிறது. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் என்னால் முடிவதில்லை. பின்னக் கூட்டலுக்குக் கைப்பழக்கம் தேவைப்படும் நாளில் இது பொருந்தவும் பொருந்தாது. கேள்வி சரியில்லை என்றால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்: வேகமானவர்கள் "முடிந்தது" என்று நோட்டை மூடுவார்கள். மூடினால் கூரை தாழ்வு என்று பொருள். பலர் பேனாவையே எடுக்கவில்லை என்றால் வாசற்படி உயரம்.

பயிற்சி நாள்களில் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறேன். பத்துக் கணக்குகளில் கடைசி மூன்றுதான் கடினம். "விரும்புகிறவர்கள் கடைசி மூன்றிலிருந்து தொடங்கலாம், அவை சரியாக வந்தால் மற்றவை வேண்டாம்" என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடுகிறேன். யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முயன்று முடியாதவர்கள் சத்தமில்லாமல் முதல் கணக்குக்குத் திரும்பிவிடலாம். எழுந்து நடக்க வேண்டியதும் இல்லை. முதல் நாள் பாதி வகுப்பு கடைசியிலிருந்து தொடங்கியது. இரண்டு வாரத்தில் அது பத்துப் பேராகக் குறைந்தது. அந்தப் பத்துப் பேரும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஜன்னலோரப் பெட்டியில் இப்போது சாக்பீஸ் வைத்திருக்கிறேன்.